ஜிம் டிரெய்னரின் பயோடேட்டாவை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது எப்படி

களியக்காவிளைப் பக்கம் ஒரு ஜிம்மின் நிர்வாகம் என் கைக்கு வந்த முதல் வாரம், டிரெய்னர் வேலைக்கு வந்திருந்த பதினோரு பயோடேட்டாக்களை முதலாளி அண்ணன் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, “நல்லதா ரெண்டு எடுத்து வை” என்றார். அவ்வளவுதான். குழித்துறை, கருங்கல் பையன்களும் இருந்தார்கள், கேரள எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள். படித்து முடித்தபோது பதினொன்றையும் ஒரே ஆள் எழுதியது போலத் தோன்றியது. எல்லோரும் சான்றிதழ் பெற்றவர்கள், எல்லோரும் நூற்றுக்கணக்கானவர்களை மெலிய வைத்தவர்கள்.

நான் அதிகச் சான்றிதழ் வைத்திருந்தவரை எடுத்தேன். காலை ஐந்தரை பேட்ச்சில் வரும் பதினாறு பெண்களைச் சேர்த்து நடத்த அவருக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் அவரே போய்விட்டார். அவருடைய சான்றிதழ்கள் எல்லாம் உண்மையானவைதான். ஆனால் ஒன்றுகூட எங்கள் விளம்பரம் கேட்ட வேலைக்கானது இல்லை. விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் நான் பழகிக்கொண்ட முறையை இங்கே சொல்கிறேன். ஒரே ஒரு விளம்பரம், ஒரே ஒரு பயோடேட்டா, இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் விளம்பரத்தைப் பிரியுங்கள்

எங்கள் விளம்பரம் இப்படி இருந்தது: “ஃபிட்னஸ் டிரெய்னர் தேவை. அங்கீகாரம் பெற்ற தனிப்பயிற்சிச் சான்றிதழ், நடப்பில் உள்ள சி.பி.ஆர். சான்று. இரண்டு ஆண்டு அனுபவம். காலை 5.30 முதல் 10 வரை, மாலை 4.30 முதல் 9 வரை. தினமும் இரண்டு குழு வகுப்புகள். தமிழ், மலையாளம் தெரிந்திருக்க வேண்டும்.”

ஒரு தாளை எடுத்து இதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம், முதல் நாளே இல்லாவிட்டால் ஜிம் நடக்காது என்பவை. மறுபக்கம், வந்து ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பவை. எங்களுக்கு நேரமும் குழு வகுப்பும் முதல் பக்கம் போயின. மலையாளம் இரண்டாம் பக்கம் போனது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருப்பதுதான். சான்றிதழை முதல் பக்கம் வைத்தேன், ஆனால் பென்சிலால் எழுதினேன். காரணம் பின்னால் வரும்.

நேரத்தை எல்லோரும் லேசாக விட்டுவிடுகிறார்கள். காலையும் மாலையும் பிரிந்த ஷிஃப்ட் என்றால் ஒருவர் தினமும் இரண்டு முறை வந்து போக வேண்டும், இல்லாவிட்டால் பகல் முழுதும் இங்கேயே கிடக்க வேண்டும். பயோடேட்டாவின் முகவரியைப் பார்த்ததும் ஓரத்தில் “பைக்?” என்று எழுதிவையுங்கள். ஐந்தரைக்கு வகுப்பு என்றால் ஐந்தேகாலுக்கு ஷட்டர் திறந்திருக்க வேண்டும்.

சான்றிதழ்: பெயரை விட்டுத் தேதியைப் பாருங்கள்

நான் எடுத்துக்கொண்ட பயோடேட்டா எல்லைக்கு அப்பால் இருந்து வந்த, 27 வயதுப் பையனுடையது. சான்றிதழ் என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரிகள் இருந்தன. ஏ.சி.இ. தனிப்பயிற்றுநர், 2021. ஜூம்பா. கெட்டில்பெல் பயிற்சி முகாம். விளையாட்டு ஊட்டச்சத்து, ஆன்லைன். சி.பி.ஆர். பயிற்சி. இவற்றோடு மாவட்ட ஆணழகன் போட்டியில் இரண்டாம் இடம் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

ஐந்தும் ஒரே ஜாதி இல்லை. தேர்வு வைத்து, காலக்கெடுவோடு கொடுப்பது ஒரு வகை. வந்து உட்கார்ந்து போனதற்குக் கொடுக்கும் தாள் இன்னொரு வகை. கெட்டில்பெல் முகாமும் ஊட்டச்சத்து ஆன்லைன் வகுப்பும் இரண்டாம் வகை. அவை தவறில்லை, ஆனால் விளம்பரம் கேட்ட கட்டத்தில் அவற்றை வைக்க முடியாது. ஆணழகன் பதக்கம் அவர் தன் உடம்பை வளர்த்ததற்குச் சான்று. நாற்பத்தைந்து வயது அக்காவின் முட்டுவலியைப் பார்த்துக்கொள்வதற்கு அது சான்று ஆகாது.

ஏ.சி.இ. முதல் வகை. அமெரிக்காவின் அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ் தருவது. தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். ஆனால் அது இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். இருபது மணி நேரம் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதே போன்ற இன்னோர் அமெரிக்க அமைப்பான என்.ஏ.எஸ்.எம். தரும் சான்றிதழுக்கும் இரண்டு ஆண்டுதான். அங்குள்ள ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. அமைப்புகளின் சான்றிதழ்களுக்கு மூன்று ஆண்டு. பயோடேட்டாவில் எல்லோரும் வாங்கிய ஆண்டை எழுதுவார்கள், முடியும் ஆண்டை எழுத மாட்டார்கள். 2021 மார்ச்சில் வாங்கியது 2023 மார்ச்சில் முடிந்திருக்கும். இந்த பயோடேட்டா என் கைக்கு வந்தபோது அதையும் தாண்டி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இந்தக் கணக்குக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, விரல் விட்டு எண்ணினால் போதும்.

புதுப்பித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சரி, கேட்டுப் பார்க்கலாம். சான்றிதழின் படத்தை வாங்குங்கள். அதில் எண்ணும் முடியும் தேதியும் இருக்கும். இந்த அமைப்புகளின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடியும் சரிபார்க்கலாம். இந்தப் பையன், “சாரே, கட்டணம் கட்ட முடியல, புதுக்கல” என்று நேராகச் சொன்னான். அந்த நேர்மைக்கு நான் மதிப்பெண் போட்டேன். படித்தது தலையில் இருக்கத்தான் செய்யும். ஆனால் “சான்றிதழ் பெற்ற டிரெய்னர்” என்று போர்டில் போட முடியாது. பென்சிலால் எழுதியது இதற்காகத்தான்: காலாவதியான நல்ல சான்றிதழுக்கும், இல்லாத சான்றிதழுக்கும் இடையே ஒரு கட்டம் வேண்டும்.

சி.பி.ஆர். என்பது இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டை என்றால் இரண்டு ஆண்டு செல்லும். தேதியை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பொம்மையின் மேல் கையை வைத்து அழுத்திக் கற்றதா, வீடியோ பார்த்து வாங்கியதா? வீடியோ என்றால் என் கணக்கில் அது இல்லை. இவன் கற்றது வீடியோவில். தாளில் சிவப்புப் பேனாவால் எழுதினேன்.

இந்தப் பக்கத்துக்கே உரிய மூன்று விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். “என்.ஐ.எஸ்.” என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். பாட்டியாலாவில் உள்ள அந்தத் தேசிய விளையாட்டு நிறுவனம் நீண்ட டிப்ளமோவும் தருகிறது, ஆறு வாரச் சான்றிதழும் தருகிறது. இரண்டுமே ஏதாவது ஒரு விளையாட்டுக்கான கோச்சிங். எது, எந்த விளையாட்டுக்கு என்று கேளுங்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் துபாயின் உடற்பயிற்சியாளர் பதிவேடான ரெப்ஸில் பதிந்ததைக் காட்டுவார்கள். அதில் ஜிம் பயிற்றுநர், குழு வகுப்பு, தனிப்பயிற்சி என்று பிரிவுகள் தனித்தனி. நீங்கள் தேடும் பிரிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, பலரும் தள்ளிவைக்கும் உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். காரியவட்டம் கல்லூரியிலோ இங்குள்ள உடற்கல்விக் கல்லூரிகளிலோ படித்தவர்கள் பாடத்திட்டத்தின் பகுதியாகவே மைதானத்தில் நின்று வகுப்பு எடுத்துக் காட்டியிருப்பார்கள். பளபளப்பான வெளிநாட்டுச் சான்றிதழ் இருக்காது. ஆனால் இருபது பேரை வரிசையில் நிறுத்தி விசில் அடிக்கத் தெரியும். என்னுடைய இரண்டாம் விளம்பரத்திலிருந்து “அல்லது பி.பி.எட்.” என்று சேர்த்துவிட்டேன்.

“200 பேருக்கு மேல் மாற்றினேன்”

பயோடேட்டாவில் அதிகம் பொய் நுழைவது இந்த இடத்தில்தான். பாதிப் பொய் என்று சொல்லலாம், எழுதுபவர்களுக்கே அது பொய் என்று தோன்றாது.

பையன் எழுதியிருந்தது இரண்டு வரி. “200+ வாடிக்கையாளர்களுக்கு உடல் மாற்றம்.” “60 நாளில் 18 கிலோ குறைப்பு.” கூடவே முன், பின் என்று நான்கு படங்கள்.

முதல் வரிக்கு ஒரு கூட்டல் போதும். தனிப்பயிற்சியில் அவன் இருந்தது இரண்டரை ஆண்டு, அதாவது முப்பது மாதம். ஒரு டிரெய்னர் ஒரே காலத்தில் எட்டுப் பேரைக் கவனிக்கிறார், ஒவ்வொருவரும் மூன்று மாதம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்று, எட்டுப் பேர், எண்பது. எல்லோரும் மாறினார்கள் என்று எடுத்தாலும் எண்பதுதான். மீதி நூற்றிருபது பேர், ஜிம்முக்கு வந்து இவனிடம் “அண்ணே, இந்த மெஷின் எப்படி” என்று கேட்டவர்களாக இருப்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போன் செய்தால், “தனிப்பயிற்சி எடுத்தவங்க மட்டும் எத்தனை பேர்?” என்று கேட்கலாம். அவன் கொஞ்சம் யோசித்து, “ஒரு முப்பது, முப்பத்தஞ்சு” என்றான். நம்பக்கூடிய எண்.

அனுபவக் காலத்தைக் கூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஜிம்கள் மூடிக் கிடந்தன, 2021-லும் மறுபடி மூடின. அந்த மாதங்களில் இடைவெளி இருப்பது குறை ஆகாது. அந்த மாதங்களிலும் தொடர்ந்து ஜிம்மில் வேலை செய்ததாக எழுதியிருந்தால்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது வரிக்கு வகுத்துப் பாருங்கள். 18 கிலோ, 60 நாள் என்றால் வாரத்துக்கு 2 கிலோவுக்கு மேல். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ என்பதுதான் பொதுவாகப் பாதுகாப்பு என்று சொல்லப்படும் வேகம். நூற்றுமுப்பது கிலோவில் தொடங்கியவருக்கு முதல் வாரங்களில் நீரும் சேர்ந்து இறங்கும், எண் பெரிதாகத் தெரியும். எண்பது கிலோக்காரருக்கு இது நடந்தது என்றால் பட்டினி போட்டிருக்கிறார், அல்லது ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறார். அதனால் தொடங்கிய எடை எழுதாத எடைக்குறைப்பு வரியை நான் வரியாகவே எண்ணுவதில்லை. குறைந்த எடை ஆறு மாதம் கழித்து எவ்வளவு இருந்தது என்பது அடுத்த கேள்வி. பாதிப் பேருக்கு இதற்குப் பதில் தெரியாது.

படங்களைப் பற்றி. “முன்” படத்தில் வயிற்றைத் தள்ளி, விளக்கு நேரே முகத்தில். “பின்” படத்தில் மூச்சை இழுத்து, பயிற்சி முடித்த கையோடு, விளக்கு பக்கவாட்டில். ஒரே நாளில் இரண்டையும் எடுக்கலாம். நேரமிருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், சில படங்கள் நாலு நாட்டில் சுற்றியவையாக இருக்கும். எனக்கு வேறொரு கவலை: முகம் மறைக்காத படம், கீழே பெயர். அந்தப் பெண் அனுமதி கொடுத்தாரா? தன் பழைய மெம்பரின் படத்தை எனக்கு இப்படி அனுப்புபவர், நாளைக்கு என் மெம்பரின் படத்தையும் அனுப்புவார். கேட்டேன். “சொல்லித்தான் எடுத்தேன்” என்றான். போடுவதற்கும் சொன்னானா என்றால் பதில் இல்லை.

போனை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: “உங்களுக்கே மனசுக்குத் திருப்தியான ஒரு ஆளைச் சொல்லுங்க.” இதற்கு வரும் பதிலில் வேறு எங்கும் கிடைக்காதது கிடைக்கும். அவன் சொன்னது ஒரு 46 வயதுச் சேச்சியைப் பற்றி. தொடங்கும்போது 81 கிலோ, பன்னிரண்டு வாரத்தில் 75.5. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டரிலிருந்து 91. அப்புறம் குரல் மாறிச் சொன்னான்: “முதல்ல கசேரையில இருந்து கையை ஊனாம எழும்ப மாட்டாங்க. முட்டுவேதன. நான் ரெண்டு குஷன் போட்டு உயரமாக்கி எழும்பச் சொன்னேன். மூணு வாரத்துல ஒரு குஷன் எடுத்தேன். கடைசியில குஷன் இல்லாம பன்னெண்டு தடவை எழும்பினாங்க.”

வாரத்துக்கு அரை கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. தொடங்கிய எடை இருக்கிறது, காலம் இருக்கிறது, டேப் வைத்து அளந்திருக்கிறான், உடம்புக்கு ஏற்றபடி பயிற்சியைச் சுலபமாக்கி, பிறகு படிப்படியாகக் கடினமாக்கியிருக்கிறான். விளம்பரம் கேட்டது இதைத்தான். பயோடேட்டாவில் இது இல்லை. கேட்டதற்கு, “அஞ்சு கிலோ தானே சாரே, எழுதினா சிரிப்பாங்கன்னு விட்டேன்” என்றான்.

வகுப்பு: பார்த்தால்தான் தெரியும்

“ஒரே நேரத்தில் 40 பேருக்கு வகுப்பு” என்றும் எழுதியிருந்தான். விசாரித்ததில் அது ஓணம் நாளில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் நடந்த ஒரு நாள் ஜூம்பா. வாராவாரம் அவன் நடத்தியது பன்னிரண்டு பேர் மாலை வகுப்பு. குழு வகுப்பு என்ற வரியைப் பார்த்தால் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை பேர், வாரம் எத்தனை நாள், எத்தனை மாதம். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்களா என்பது எண்ணிக்கையை விடப் பெரிது. ஜூம்பாவுக்கு மட்டும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாமல் அந்தப் பெயரை நம் பலகையில் போடக் கூடாது.

இதற்கு மேல் தாளில் ஒன்றும் தெரியாது. கூப்பிட்டு இருபது நிமிட வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். வெறும் ஹாலில் நமக்கு மட்டும் செய்து காட்டச் சொல்வதில் பயனில்லை. பழைய மெம்பர்கள் எட்டுப் பேரிடம் முன்கூட்டியே சொல்லி வரவழையுங்கள். அதில் ஒருவர் முட்டுவலிக்காரர், ஒருவர் நேற்றுச் சேர்ந்தவர் என்று இருக்கட்டும். நீங்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் நில்லுங்கள்.

நான் அங்கே நின்று பார்ப்பது அவர் கண் எங்கே போகிறது என்பதைத்தான். புதியவர்கள் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டு ஆடுவார்கள். தெரிந்தவர் தான் செய்வதை நிறுத்திவிட்டு நடந்து பின்வரிசைக்கு வருவார். ஸ்குவாட்டில் ஒருவரின் முட்டு உள்ளே மடங்கினால் முதலில் வாயால் சொல்வார், அப்புறம் தன் காலில் செய்து காட்டுவார், தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுவார். பெண்கள் பேட்ச்சில் இந்தக் கடைசி விஷயம் தவறினால் நான் அங்கேயே முடித்துவிடுவேன்.

பையன் முதல் ஐந்து நிமிடம் கண்ணாடியைத்தான் பார்த்தான். வார்ம் அப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டான், இரண்டு பேருக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் பாறசாலைச் சேச்சி ஒருவர் குனியும்போது நின்று, “நடு வேதன” என்றார். முன்பு கோயம்புத்தூரிலிருந்து வந்த டிரெய்னர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, வயிற்றின் நடுவில் வலி என்று நினைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இவன் ஒரு நொடியில் புரிந்துகொண்டான், முதுகின் கீழ்ப்பகுதி. குனிவதை நிறுத்தி, சுவரில் சாய்ந்து செய்யும் வேறொன்றைக் கொடுத்து, மற்ற ஏழு பேரின் எண்ணிக்கையும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். மலையாளத்தை இரண்டாம் பக்கத்தில் வைத்தது தப்போ என்று எனக்கு அப்போது தோன்றியது.

வகுப்பு முடிந்ததும் நான் கேட்கும் ஒரே கேள்வி: “சர்க்கரைக்கு ஊசி போடுற ஒருத்தர் காலையில வெறும் வயித்துல வந்து, பாதியில வியர்த்து நடுங்குறார். என்ன செய்வீங்க?” நிறுத்தி உட்கார வைப்பேன், சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுப்பேன், பக்கத்திலேயே இருந்து கால் மணி நேரத்தில் மறுபடி பார்ப்பேன், தேறாவிட்டால் ஆஸ்பத்திரி என்று வர வேண்டும். “ரெஸ்ட் எடுக்கச் சொல்வேன்” என்று மட்டும் வந்தால் போதாது. இன்னும் நல்ல டிரெய்னர், சேரும் நாளிலேயே உடல்நிலைக் கேள்வித்தாள் வாங்கியிருப்பேன், ஊசி போடுபவர் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பார். இவன் குளுக்கோஸ் வரை சொன்னான், கேள்வித்தாளைச் சொல்லவில்லை.

தாளை மறுபடி எடுத்து

எல்லாம் முடிந்தபின் அந்த இரண்டு பக்கத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே “பார்த்தேன்”, “சொன்னான்”, “காலாவதி”, “இல்லை” என்று நான்கில் ஒன்றை எழுதுங்கள். நேரம்: பைக் இருக்கிறது, சொன்னான். வகுப்பு: பார்த்தேன். வாடிக்கையாளர் பலன்: சொன்னான், அளவோடு. சான்றிதழ்: காலாவதி. சி.பி.ஆர்.: இல்லை. “சொன்னான்” என்று இருப்பதில் ஒன்றையாவது பழைய ஜிம்மில் விசாரியுங்கள். அவர்கள் பலனைப் பற்றிச் சரியாகச் சொல்ல மாட்டார்கள், காலையில் நேரத்துக்கு வந்தானா என்பதை மட்டும் சரியாகச் சொல்வார்கள். வந்தானாம்.

மூன்று மாதச் சோதனைக் காலத்தில் எடுத்தோம். முதல் மாதத்துக்குள் நேரில் சி.பி.ஆர். பயிற்சி, அதுவரை அவன் தனியாக ஷட்டர் திறக்கக் கூடாது. ஏ.சி.இ. தேர்வுக்கு மறுபடி பணம் கட்டினால் பாதி ஜிம் தரும், அதுவரை போர்டில் சான்றிதழ் பேச்சு இல்லை. கேள்வித்தாள் வாங்காமல் புதிய மெம்பரை வகுப்பில் சேர்க்கக் கூடாது. மெம்பர் யாருடைய படமும் கையெழுத்து இல்லாமல் அவன் போனில் இருக்கக் கூடாது. இந்த நான்கையும் வேலை உத்தரவிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த விளம்பரத்தை எழுதும்போது அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். “தினமும் இரண்டு குழு வகுப்புகள்” என்று இருந்த இடத்தில் இப்போது “16 பேர், 45 நிமிடம், வாரம் ஆறு நாள், நேர்காணலில் 20 நிமிட வகுப்பு எடுக்க வேண்டும்” என்று போடுகிறோம். பதினொன்று வந்த இடத்தில் இந்த முறை ஐந்துதான் வந்தது. ஐந்திலும் எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்தோம் என்று எழுதியிருக்கிறார்கள்.